தினமும் புலம்பும் தோழியிடம் எப்படிப் பேசுவது? விலகவும் மனமில்லை, தாங்கவும் முடியவில்லை

தூறல்:

12 வருடத் தோழி. எட்டு மாதங்களுக்கு முன்பு அவள் அலுவலகத்தில் மேலாளர் மாறினார். அன்றிலிருந்து தினமும் இரவு 9.30 மணிக்கு அழைப்பு வருகிறது. குறைந்தது 45 நிமிடம். அவர் என்ன சொன்னார், எப்படிப் பார்த்தார், யார் முன்னால் குறை சொன்னார் என்று ஒன்றுவிடாமல் சொல்வாள். நானும் எனக்குத் தெரிந்த எல்லா வழியும் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒன்றைக்கூட அவள் செய்யவில்லை. மறுநாள் அதே கதை மறுபடி.

இப்போதெல்லாம் 9.30 நெருங்கினாலே வயிற்றைப் பிசைகிறது. போன வாரம் இரண்டு முறை தலைவலி என்று பொய் சொன்னேன். பிறகு குற்ற உணர்ச்சியில் தூங்கவில்லை. என் அப்பா படுத்த படுக்கையாக இருந்த நாட்களில் என்னோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவள் அவள். அவளை விட முடியாது, விடவும் மாட்டேன். ஆனால் பேசி முடித்ததும் அவள் தூங்கிவிடுகிறாள், நான் விழித்திருக்கிறேன். இதில் நான் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

பூவரசு:

மேலாளர் மீது புகார் கொடுப்பதுதான் வழி. தேதி, நேரம், யார் கூட இருந்தார்கள் என்பதையெல்லாம் அவர் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். ஒரு மாதம் சேர்ந்ததும் மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

தூறல்:

நன்றி பூவரசு. ஆனால் நான் கேட்டது மேலாளரைப் பற்றி இல்லை. இதையும் அவளிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். அவள் புலம்பும்போது நான் எப்படிப் பேசுவது என்பதுதான் என் கேள்வி.

நேர்கோடு:

தவறு உங்கள் அறிவுரையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். புலம்புகிறவர்களுக்கு வழி வேண்டாம், காது வேண்டும். கொட்டித் தீர்த்தால் மனம் லேசாகும். எதுவும் சொல்லாமல் "ஆமா", "அடப்பாவமே" என்று மட்டும் சொல்லிக் கேளுங்கள். குக்கரில் ஆவி வெளியேறுவது மாதிரி, ஒருநாள் தானாக அடங்கிவிடும்.

மணல்கடிகை:

நான் 11 வருடமாகத் தொலைபேசியில் மனத்துயர் கேட்கும் ஒரு தன்னார்வக் குழுவில் இருக்கிறேன். நேர்கோடு சொன்னதில் முதல் பாதி சரி. அறிவுரையை நிறுத்தத்தான் வேண்டும். இரண்டாம் பாதியோடு எனக்கு உடன்பாடு இல்லை. தூறல் எட்டு மாதமாகக் காது கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார், ஆவி அடங்கக் காணோம்.

மேலே பேசுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன் தூறல். ஒரே ஒரு அழைப்பை நினைவிலிருந்து எழுதிக் காட்ட முடியுமா? அவர் சொன்னது, நீங்கள் சொன்னது, திரும்ப அவர் சொன்னது. சுருக்கமாகப் போதும். "எப்போதும் புலம்புகிறாள்" என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எந்த வார்த்தைக்குப் பிறகு எந்த வார்த்தை வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தூறல்:

நேற்று நடந்தது இது. ஏறக்குறைய அப்படியே எழுதுகிறேன்.

அவள்: இன்னிக்கும் எல்லார் முன்னாடியும் என் ரிப்போர்ட்டைக் குறை சொன்னார்.
நான்: சே, அந்த ஆளுக்கு வேற வேலையே இல்லையா?
அவள்: அதானே! போன வாரமும் இப்படித்தான்... (இது ஒரு பத்து நிமிடம் ஓடியது.)
நான்: வேற டீமுக்கு மாத்தச் சொல்லிக் கேளேன்.
அவள்: கேட்கலாம். ஆனா இந்த வருஷம் யாருக்கும் மாத்திக் கொடுக்க மாட்டாங்க.
நான்: அப்போ அவர்கிட்டயே தனியா பேசிப் பாரு.
அவள்: பேசலாம். ஆனா அதையும் மனசுல வச்சுக்கிட்டு வேற மாதிரி பழிவாங்குவார்.
நான்: பேசாம வேற வேலை தேடுடி.
அவள்: உனக்கென்ன, ஈஸியா சொல்லிடுவ. ஆனா வீட்டுக் கடன் நான்தானே கட்டணும்.
நான்: சரி, என்னதான் பண்றது அப்போ?
அவள்: ஒண்ணும் பண்ண முடியாது. என் தலையெழுத்து.

அப்புறம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மணல்கடிகை:

இதை எழுதியதற்கு நன்றி. இரண்டு இடங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, "அந்த ஆளுக்கு வேற வேலையே இல்லையா" என்று நீங்கள் சொன்ன இடம். ஆறுதலாகத்தான் சொன்னீர்கள். ஆனால் அந்த வாக்கியம் அவரைப் பற்றியது இல்லை, மேலாளரைப் பற்றியது. அதனால் தோழியும் மேலாளரைப் பற்றியே தொடர்ந்தார். பத்து நிமிடம் போன வாரக் கதை வந்தது அந்த வாக்கியத்தால்தான். நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரே பிரச்சினையை இப்படி அசைபோடுவதை அமண்டா ரோஸ் என்ற உளவியலாளர் பள்ளி மாணவர்களிடம் ஆராய்ந்தார். 2002-லும் 2007-லும் வந்த ஆய்வுகள் அவை. சேர்ந்து அசைபோடும் பெண் பிள்ளைகளிடம் நட்பின் நெருக்கமும் கூடியது, மனச்சோர்வும் பதற்றமும் கூடின. அந்த ஆய்வுகள் பிள்ளைகளைப் பற்றியவை, பெரியவர்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் கேட்டவர் தூக்கமில்லாமல் கிடக்க, சொன்னவர் மறுநாளும் அதே இடத்தில் நிற்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். நெருக்கம் கூடுவதால்தான் இதை நிறுத்த யாருக்கும் தோன்றுவதில்லை.

இரண்டாவது இடம் அந்த மூன்று "ஆனா". நீங்கள் வழி சொல்ல, அவர் "ஆனா" சொல்ல, நீங்கள் அடுத்த வழி சொல்ல. எரிக் பெர்ன் என்ற மனநல மருத்துவர் 1960-களிலேயே இந்தப் பேச்சு விளையாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். உங்கள் தோழி வேண்டுமென்றே செய்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இது எப்படி நடக்கிறது என்றால், மாற்றத்தின் பக்கம் நின்று நீங்கள் வாதாடிவிடுகிறீர்கள். எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறது. பேச்சைத் தொடர அவருக்கு அந்த இடம்தான் மிச்சம். மாற்றல் கிடைக்காது, பேசிப் பயனில்லை, வேலையை விட முடியாது என்று தன் வாயால் மூன்று முறை சொன்ன பிறகு "தலையெழுத்து" என்று முடிக்காமல் வேறு எப்படி முடிப்பார்? நம்பிக்கை கொடுக்கத்தான் நீங்கள் பேசினீர்கள். நம்பிக்கை இல்லை என்று அவர் தனக்குத் தானே நிரூபித்துக்கொண்டதுதான் நடந்தது.

தூறல்:

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உண்மைதான். அப்படியானால் திட்டவும் கூடாது, வழியும் சொல்லக் கூடாது. வேறு என்னதான் சொல்வது?

மணல்கடிகை:

அவருக்கு எங்கே வலிக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள்.

நேற்றைய பேச்சில் அவர் சொன்ன முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் கனமான சொல் "குறை சொன்னார்" இல்லை. "எல்லார் முன்னாடியும்" என்பதுதான். ஆகவே, "தப்பைச் சொன்னதைவிட எல்லார் முன்னாடியும் சொன்னதுதான் உனக்கு வலிக்குது, இல்ல?" என்று கேட்டிருக்கலாம். இது உங்கள் ஊகம்தான், தவறாகவும் இருக்கலாம். சரியா தவறா என்பது அடுத்த வினாடியே தெரிந்துவிடும். சரியாகத் தொட்டிருந்தால் அவர் வேகம் குறையும். "ஆமா" என்பார், கொஞ்சம் மௌனம் வரும், அல்லது இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்வார். தொடவில்லை என்றால் அதே சம்பவத்தை இன்னும் விவரமாக மறுபடி சொல்வார். ஒருவர் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னால், கேட்பவருக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை என்று அவருக்குத் தோன்றுகிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். மூன்றாவது முறை கேட்கும்போது எரிச்சல்படுவதைவிட, எதைத் தவறவிட்டோம் என்று தேடுவது பயன் தரும்.

அந்த மௌனம் வந்த பிறகுதான் ஒரு கேள்வி. மேலாளர் எழுவாயாக இருக்கும் கேள்வி வேண்டாம், "அவர் அப்புறம் என்ன சொன்னார்?" மாதிரி. "நீ அப்போ என்ன செஞ்ச?", "நாளைக்கும் இதே நடந்தா உனக்கு என்ன செய்யணும்னு இருக்கு?" என்று கேளுங்கள். கேட்டதும் காத்திருங்கள். ஐந்து ஆறு வினாடி மௌனம் தொலைபேசியில் மிக நீளமாகத் தெரியும். அதை நிரப்பிவிடத் தோன்றும். நிரப்பாதீர்கள்.

நேரத்தைப் பற்றி ஒன்று. வரம்பை ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். "இன்னிக்கு 15 நிமிஷம் பேசலாம்டி, அப்புறம் நான் படுக்கணும்." 40-வது நிமிடத்தில் பொறுமை தீர்ந்து துண்டிப்பது அவருக்குத் தண்டனையாகப் படும். முன்கூட்டியே சொன்னால் அது வெறும் தகவல். 12-வது நிமிடத்தில் ஒரு முறை நினைவூட்டுங்கள், சொன்னபடி முடியுங்கள். ஒருநாள் 15, மறுநாள் பாவம் பார்த்து 50 என்று போனால், கொஞ்சம் கூடுதலாக அழுதால் கூடுதல் நேரம் கிடைக்கும் என்றுதான் ஆகும். யாரும் யோசித்துச் செய்வதில்லை, ஆனால் அப்படித்தான் பழகிவிடுகிறது.

நேர்கோடு:

கடிகாரம் பார்த்துக்கொண்டு தோழியிடம் பேசுவதா? எனக்கு இது நெருடுகிறது. அது நட்பு மாதிரியே இல்லை.

மணல்கடிகை:

நெருடல் புரிகிறது. ஆனால் இப்போது அவர் தலைவலி என்று பொய் சொல்லித்தானே தப்பிக்கிறார்? இரண்டில் எது நட்புக்கு அருகில் இருக்கிறது என்று பாருங்கள்.

கூழாங்கல்:

நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். அந்தப் புலம்பும் நண்பன் நான்தான். கூட்டாகத் தொடங்கிய தொழில் உடைந்துபோய், ஒன்றரை வருடம் அதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

ஒரு நண்பன் மெல்ல விலகினான். முதலில் தாமதமாகப் பதில் சொன்னான், பிறகு ஒற்றைச் சொல்லில், பிறகு அதுவும் இல்லை. காரணம் சொல்லவில்லை. காரணம் தெரியாததால் நான் அவனை இன்னும் அதிகமாக அழைத்தேன். இன்றுவரை அந்த நட்பு திரும்பவில்லை.

இன்னொருவன் நேராகச் சொன்னான். "நீ பேசுறதைக் கேட்க எனக்கு இஷ்டம்தான். ஆனா இதை ராத்திரி கேட்டா எனக்குத் தூக்கம் போயிடுது. ஞாயிறு காலையில நடக்கப் போவோம், அப்போ எவ்வளவு வேணா பேசு." இரண்டு வாரம் அவனோடு நான் பேசவில்லை. அவ்வளவு அவமானமாக இருந்தது. பிறகு போனேன். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது, முகத்தைப் பார்க்காமல் பேசும்போது, ஏனோ பேச்சு வேறு மாதிரி வந்தது. பாதி வழியில் நானே நிறுத்திவிட்டு வேறு ஏதோ பேச ஆரம்பித்திருப்பேன்.

அதனால் மணல்கடிகை சொல்வதில் எனக்கு ஒரு இடம் ஒட்டவில்லை. கேள்வியை மாற்றிக் கேட்பது, ஊகித்துச் சொல்வது எல்லாம் சரி. ஆனால் தோழியிடம் எதுவும் சொல்லாமல் இவர் மட்டும் பேசும் முறையை மாற்றினால், அது அவருக்குத் தெரிந்துவிடும். என்னை யாரோ கையாள்கிறார்கள் என்று தோன்றினால் அது புலம்பலைக் கேட்காமல் விடுவதைவிட மோசம். முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள் தூறல்.

மணல்கடிகை:

உங்கள் நண்பர் நல்ல வார்த்தைகளில் சொல்லியிருக்கிறார். தன் தூக்கத்தைப் பற்றிச் சொன்னாரே தவிர உங்கள் குணத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனாலும் நான் வரிசையை மாற்றித்தான் வைப்பேன். புலம்பலின் நடுவில், களைத்துப்போய்ச் சொல்லும்போது எவ்வளவு கவனமாகச் சொன்னாலும் "நீ ஒரு தொல்லை" என்றுதான் காதில் விழும். இரண்டு மூன்று வாரம் வேறு மாதிரி பேசிவிட்டு, ஒரு நல்ல பகல் வேளையில் சொன்னால் விழும் இடமே வேறு.

அந்திவானம்:

என் அம்மாவுக்கும் இது பொருந்துமா? தினமும் மூட்டுவலி, தூக்கமின்மை, யாரும் கவனிப்பதில்லை என்று ஒரே பல்லவி. நானும் டாக்டரிடம் போகலாம் என்றால் "எதுக்கு" என்கிறார்.

மணல்கடிகை:

அம்மா விஷயம் வேறு. வயதானவர்கள் "மூட்டு வலிக்குது" என்பதில் மூட்டும் இருக்கலாம், தனிமையும் இருக்கலாம். முதலில் வலியை ஒரு மருத்துவர் பார்த்துவிட வேண்டும். அதற்கு முன் பேச்சு முறையைப் பற்றி யோசிக்கக் கூடாது என்பது என் கருத்து. தனி இழையாகத் தொடங்குங்கள், அங்கே பேசலாம்.

தூறலுக்கும் ஒன்று சொல்ல விட்டுப்போனது. நான் சொன்ன வரம்பெல்லாம் புலம்பலுக்கு மட்டும். தூக்கமும் பசியும் மாறுவது, முன்பு ஆசையாகச் செய்தவற்றில்கூட ஈடுபாடு போவது, இவை இரண்டு வாரம் விடாமல் இருந்தால் அது வேறு. "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் அன்று கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேரடியாகவே கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள், அன்றே இன்னொருவரையும் மருத்துவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைத் தனியாகச் சுமக்க உங்களால் முடியாது.

தூறல்:

அப்படி எதுவும் இல்லை. வாரக்கடைசியில் நன்றாகச் சிரித்துப் பேசுகிறாள், செடி வளர்க்கிறாள். இன்றிலிருந்து முயன்று பார்க்கிறேன்.

தூறல் (மூன்று வாரம் கழித்து):

நடந்ததை எழுதுகிறேன், நீளத்துக்கு மன்னிக்கவும்.

முதல் வாரம் நிலைமை மோசமானது. 15 நிமிடம் என்று சொன்ன மூன்றாம் நாள் ஒரே நாளில் மூன்று முறை அழைத்தாள். "நீயும் மாறிட்ட" என்றாள். அன்று இரவு எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று தோன்றியது. மணல்கடிகைக்குத் தனிச்செய்தி அனுப்பினேன். வழக்கமாகக் கிடைப்பது திடீரென்று குறைந்தால் கேட்பது முதலில் கூடத்தான் செய்யும், ஒரு வாரம் பொறுங்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். "நீங்களாக அவரை எத்தனை முறை அழைக்கிறீர்கள்?" யோசித்துப் பார்த்தால் ஒரு முறைகூட இல்லை. எட்டு மாதமாக அவள் பிரச்சினை சொன்னால்தான் நான் அவளோடு பேசியிருக்கிறேன். பிரச்சினை இல்லாத நேரத்தில் நான் அவளுக்கு இருந்ததே இல்லை.

அதனால் மறுநாள் மதியம் நானே அழைத்து அவள் செடிகளைப் பற்றிக் கேட்டேன். ஏழு நிமிடம் பேசினோம். அலுவலகம் வரவே இல்லை. இப்போது வாரத்தில் இரண்டு மூன்று முறை அப்படி அழைக்கிறேன்.

ஒரு தவறும் செய்தேன். இரண்டாம் வாரம் அவள் ஆரம்பித்த உடனேயே "நீ என்ன செய்யணும்னு இருக்க?" என்று கேட்டுவிட்டேன். சட்டென்று பேச்சு நின்றது. "ஒண்ணுமில்ல, வை" என்றாள். ஊகத்தைச் சொல்லாமல் கேள்விக்குத் தாவியதுதான் காரணம் என்று பிறகு புரிந்தது. அவளுக்கு அது விசாரணை மாதிரி இருந்திருக்கும்.

மறுநாள் அவசரப்படவில்லை. "எல்லார் முன்னாடியும் சொன்னதுதான் வலிக்குதா?" என்று கேட்டேன். அவள் இல்லை என்றாள். "அது பழகிடுச்சு. எனக்கு அப்புறம் சேர்ந்த பொண்ணு பக்கத்துல நின்னு தலையாட்டுறா. அவளுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்ததே நான்தான்." எட்டு மாதத்தில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தைகூட நான் கேட்டதில்லை. அன்று அழுதாள். 15 நிமிடத்தைத் தாண்டிவிட்டது, நான் நிறுத்தவில்லை. கடைசியில் அவளாகவே, "நடக்குறதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைக்கலாம்னு இருக்கேன்" என்றாள். பூவரசு முதலில் சொன்ன அதே விஷயம், நான் இரண்டு முறை சொல்லி அவள் தள்ளிவிட்டது! நான் எதுவும் சொல்லாமல் "ம்" என்றேன். நான்கு நாள் எழுதினாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

இப்போது அழைப்பு தினமும் வருவதில்லை, வாரத்தில் நான்கு நாள். ஆனால் இந்த வாரம் அவள் புலம்பலில் மேலாளர் போய் நாத்தனார் வந்துவிட்டார். அதே தொனி, அதே "ஆனா".

நேர்கோடு:

அந்தப் புதுப் பெண் விஷயம் என்னை உலுக்கிவிட்டது. "அடப்பாவமே" மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அது வெளியே வந்திருக்காது. கடிகாரம் மட்டும் எனக்கு இன்னும் ஒட்டவில்லை. அன்று நீங்கள் நிறுத்தாததுதான் சரி.

மணல்கடிகை:

அன்று நீட்டியதில் தவறில்லை. பழைய கதை 16-வது நிமிடம் ஓடுவதும், புதிதாக ஒன்று வெளிவருவதும் ஒன்றல்ல. நாத்தனார் வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. சிலருக்கு நெருக்கம் என்றாலே புலம்பல்தான், வேறு வழியாகப் பழகத் தெரியாது. இது முழுக்க மாறும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். நீங்கள் தூங்குகிறீர்களா?

தூறல்:

பெரும்பாலான நாட்களில் தூங்குகிறேன். 9.30 வந்தால் வயிறு பிசைவது மட்டும் இன்னும் முழுக்கப் போகவில்லை.

கூழாங்கல்:

மூன்று வாரம் ஆகிவிட்டது. இன்னும் அவரிடம் சொல்லவில்லையே தூறல்?

தூறல்:

இல்லை. ஞாயிறு அவள் வீட்டுக்குப் போகிறேன், பகலில். உங்கள் நண்பர் தன் தூக்கத்தைப் பற்றிச் சொன்ன அந்த வாக்கியத்தை என் வார்த்தைகளில் மாற்றி மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டேன். தலைவலி என்று சொன்னது பொய் என்பதையும் சொல்லலாமா, அதை மட்டும் விட்டுவிடலாமா என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.

கூழாங்கல்:

சொல்லிவிடுங்கள்.

மணல்கடிகை:

நானாக இருந்தால் அதை விட்டுவிடுவேன். ஆனால் அவரை 12 வருடமாகத் தெரிந்தவர் நீங்கள்.